‘ங்கோ’ போட்டால் கொங்கு ஆகிவிடுமா?

கதையில் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்து மனிதர் ஒருவர் வந்தால், அவர் வாயிலிருந்து முதலில் விழுவது பெரும்பாலும் ‘ஏனுங்கோ’தான். அடுத்த வரியில் இரண்டு ‘ங்கோ’, அதற்கடுத்த வரியில் மூன்று. வாசகர் சிரித்துவிடுவார். அந்த மனிதர் மகனைப் பறிகொடுத்த துக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாலும் சிரிப்புதான் வரும். கொங்குப் பேச்சைக் கொச்சைப்படுத்த வேண்டும் என்று எந்த எழுத்தாளரும் நினைப்பதில்லை. காதில் விழுந்ததை அப்படியே எழுத்தில் இறக்கினால் அது உண்மையாகிவிடும் என்ற நம்பிக்கைதான் இங்கே கொண்டுவந்து விடுகிறது.

ஒரு காட்சியை வைத்தே இதைப் பார்க்கலாம். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம். பாவாத்தாள் அறுபது வயதுக்காரி, கணவனை இழந்தவள். தவணை தள்ளிப்போன கடனைப் பற்றிப் பேச வந்திருக்கிறாள். சங்கத்தின் செயலாளர் சத்தியமங்கலத்துக்காரர். முதல் முறை எழுதும்போது இப்படி வரக்கூடும்:

“ஏனுங்கோ சாமி, என்ற ஊட்டுக்காரரு செத்துப்போயி மூணு வருசொ ஆச்சுங்கோ. பையெ திருப்பூரு பனியங் கம்பினிக்கி வேலக்கிப் போயிருக்கானுங்கோ. நோம்பிக்கி வந்தா பணொ கட்டிப்போடுவானுங்கோ.”

“தவணை முடிந்து மூன்று மாதங்கள் ஆகிவிட்டன, அம்மா. உங்கள் மகனை வரச் சொல்லுங்கள்.”

முதல் கோளாறு பாவாத்தாளின் பேச்சில் இல்லை, செயலாளரின் பேச்சில் இருக்கிறது. சத்தியமங்கலத்துக்கும் கோபிக்கும் பேச்சில் பெரிய தூரம் கிடையாது. அவரும் வீட்டில் ‘போகோணும்’, ‘வரோணும்’ என்றுதான் பேசுவார். ஆனால் படித்தவர், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் என்பதால் எழுத்தாளர் அவருக்குப் பாடப்புத்தகத் தமிழைக் கொடுத்துவிட்டார். இப்போது ‘வருசொ’, ‘பணொ’ என்ற எழுத்துகள் பாவாத்தாளின் ஊரைக் காட்டுவதில்லை, அவள் படிக்காதவள் என்பதை மட்டும் உரக்கச் சொல்கின்றன. வட்டார வழக்கு கேலியாக மாறுவது பெரும்பாலும் இந்த ஓரவஞ்சனையால்தான்.

இரண்டாவது கோளாறு ஒலியை எழுதுவதில் இருக்கிறது. ‘வருடம்’, ‘பணம்’ போன்ற சொற்களின் கடைசி ‘ம்’ பேச்சில் முழுதாக ஒலிப்பதில்லை, மூக்கொலியாகத் தேய்ந்துவிடும். ‘பையன்’ என்பதன் ‘ன்’ கதியும் அதுவே. ஆனால் இது கொங்குக்கு மட்டும் உரியதா? சென்னையில் ஆங்கிலம் கலந்து பேசுகிறவரும் ‘பணம்’ என்று உதடு ஒட்டச் சொல்வதில்லை. ‘இடம்’ வாயில் ‘எடம்’ ஆவதும் ‘உடம்பு’ ‘ஒடம்பு’ ஆவதும் இப்படித்தான். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் நாக்கில் நடப்பவை. எல்லோருக்கும் பொதுவான ஒன்றை ஒருத்தியின் வாயில் மட்டும் எழுதிக்காட்டினால் அதில் வட்டாரம் எங்கே இருக்கிறது?

போதாததற்கு, அந்த மூக்கொலிக்குத் தமிழில் எழுத்தும் இல்லை. அதனால் சிலர் ‘வந்தான்’ என்பதை ‘வந்தா’ என்று எழுதிவிடுகிறார்கள். வாசகர் அதை ‘அவள் வந்தாள்’ என்று படிக்கலாம், ‘வந்தால்’ என்றும் படிக்கலாம். காதில் தெளிவாக இருந்த வேறுபாடு தாளில் அழிந்துபோகிறது. ‘வந்தான்’ என்று எழுதினால் போதும். படிக்கிறவர் தன் வாய்ப்பழக்கத்தில் அந்த ‘ன்’னைத் தானே தேய்த்துக்கொள்வார். அவருக்குத் தெரிந்த வேலையை அவரிடமே விட்டுவிடலாம்.

அப்படியானால் கொங்கு எங்கே இருக்கிறது? பெரும்பகுதி வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. மற்ற ஊர்களில் ‘சொல்லிட்டேன்’ என்பதைக் கொங்கில் பழைய ஆட்கள் ‘சொல்லிப்போட்டேன்’ என்பார்கள். ‘சாப்பிட்டுட்டு வா’ என்பது ‘சாப்பிட்டுப்போட்டு வா’ ஆகும். ‘கட்டணும்’ அங்கே ‘கட்டோணும்’. இவை உச்சரிப்புக் கோணல்கள் அல்ல, இலக்கணம். இவற்றை எழுத எந்த எழுத்தையும் சிதைக்க வேண்டியதில்லை. வாசகருக்கும் புரிந்துவிடும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. ‘என்னுடைய’ என்பதற்குக் கொங்கில் ‘என்ற’ என்பார்கள், ‘எம்பட’ என்றும் சொல்வார்கள். பாவாத்தாள் ‘முருகன் என்ற பையன்’ என்று சொன்னால், முருகன் அவளுடைய மகன் என்று அர்த்தம். அச்சில் படிக்கிறவருக்கோ அது ‘முருகன் என்னும் பெயருடைய ஒரு பையன்’. பேச்சில் தொனி காப்பாற்றுவதை எழுத்து காப்பாற்றாது. இப்படிப்பட்ட இடத்தில் ‘எம்பட’ போடலாம். அல்லது வெறும் ‘பையன்’ போதும். யாருடைய பையன் என்பது சூழலிலேயே தெரிகிறது.

இனி அந்த ‘ங்க’. மரியாதைக்குரியவரிடம் பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்த்து வாக்கியத்தின் முடிவில் அது வந்து ஒட்டிக்கொள்ளும். பேச்சு யாரைப் பற்றியது என்பது அதற்குப் பொருட்டில்லை. ‘தம்பி வந்தானுங்க’ என்றால் ‘தம்பி வந்தான்’ என்ற செய்தியை மரியாதையாகச் சொல்கிறார்கள். ஆனால் சென்னை வாசகருக்கு ‘வந்தானுங்க’ என்றால் ‘அந்தப் பசங்க வந்தாங்க’ என்ற பன்மை, அதிலும் மரியாதை இல்லாத பன்மை. இதற்காக அந்த வடிவத்தையே கைவிட வேண்டாம். ‘பையன்’, ‘தம்பி’ என்று ஒருமைச் சொல்லை அதே வரியிலோ முந்தைய வரியிலோ வைத்துவிட்டால் குழப்பம் தீரும். பேச்சில் ‘ங்க’ அடிக்கடி வருவது உண்மைதான். ஆனால் காது பழகிப்போய்க் கவனிக்காமல் விடுவதைக் கண் விடாது. அச்சில் ஒவ்வொரு வாக்கியத்திலும் வந்தால் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு பேச்சுக்குத் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று இருந்தால் நடுவில் இருப்பவற்றையும் வாசகர் கேட்டுக்கொள்வார்.

இவ்வளவையும் மனதில் வைத்துக் காட்சியைத் திருத்தினால்:

“அவர் போயி மூணு வருசமாச்சுங்க. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கறான். நோம்பிக்கு வர்றப்ப ஒட்டுக்கா கட்டிப்போடறேன்னு சொல்லியிருக்கறானுங்க.”

“தவணை முடிஞ்சே மூணு மாசமாச்சுங்கம்மா. ஒருக்கா பையனை வரச் சொல்லுங்க. கையெழுத்துப் போடோணும்.”

இருவரும் இப்போது ஒரே மண்ணில் நிற்கிறார்கள். ‘வருசம்’, ‘மூணு’, ‘முடிஞ்சே’ எல்லாம் பத்திரிகைக் கதைகளில் பழகிப்போன பொதுப் பேச்சு எழுத்துகள். இரண்டு பேருக்கும் ஒரே அளவில் வருகின்றன. ‘கட்டிப்போடறேன்’, ‘போடோணும்’, ‘ஒட்டுக்கா’, ‘நோம்பி’ ஆகியவை ஊரைச் சொல்கின்றன. அடைப்புக்குறிக்குள் பொருள் தர வேண்டிய தேவையும் இல்லை. ‘நோம்பிக்கு வர்றப்ப’ என்றதும் அது ஏதோ பண்டிகை என்று மதுரைக்காரருக்கும் புரியும். ‘ஒட்டுக்கா’ என்றால் மொத்தமாக என்பது கடனைப் பற்றிய பேச்சில் தானாக விளங்கிவிடும்.

சொற்களைப் பொறுத்தவரை எழுத்தாளருக்கு நல்ல துணைகள் உண்டு. 1942-இல் வந்த ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவல் தொட்டு கொங்குப் பேச்சு அச்சில் இருக்கிறது. கரிசல் வட்டாரத்துக்குக் கி. ராஜநாராயணன் சொல்லகராதி தொகுத்ததுபோல, கொங்கு வட்டாரச் சொற்களைப் பெருமாள்முருகன் தொகுத்திருக்கிறார். ஆனால் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு உரையாடல் எழுதினால் கண்காட்சிபோல் ஆகிவிடும். சொல் ஊருக்கு உரியதாக இருந்தால் மட்டும் போதாது, பேசுகிறவரின் வயதுக்கும் தொழிலுக்கும் உரியதாக இருக்க வேண்டும். பாவாத்தாள் விருந்தாளியை ‘ஒறம்பரை’ என்பாள், மாலையைப் ‘பொழுதோட’ என்பாள். திருப்பூரில் நாலு மாவட்டத்துப் பையன்களோடு அறையெடுத்துத் தங்கியிருக்கும் அவள் மகன் அப்படிப் பேச வேண்டும் என்பதில்லை. அன்றிரவு போனில் நடக்கும் பேச்சு இது:

“கண்ணு, சங்கத்துல கூப்பிட்டுக் கேட்டுப்போட்டாங்க. நீ வந்து கையெழுத்துப் போடோணுமாம்.”

“சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு வர்றேம்மா.”

அம்மா ‘கேட்டுப்போட்டாங்க’ என்கிறாள், மகன் ‘வாங்கிட்டு’ என்கிறான். ஒரே வீட்டுக்குள் ஒரு தலைமுறை நகர்ந்திருப்பது இந்தச் சின்ன வேறுபாட்டில் தெரிகிறது. இன்னொன்றும் கவனிக்கலாம். செயலாளரிடம் ஒட்டிக்கொண்டிருந்த ‘ங்க’ மகனிடம் உதிர்ந்துவிட்டது. ‘கேட்டுப்போட்டாங்க’ என்பதில் இருப்பது சங்கத்துக்காரர்களைக் குறிக்கும் பன்மை. மகனுக்கான மரியாதை அல்ல. எல்லாரிடமும் ஒரே மாதிரி பேசும் பாத்திரம், எவ்வளவு சரியான வழக்கில் பேசினாலும், பொம்மைதான்.

இந்த இடத்தில்தான் கேலியைவிட நுட்பமான ஒரு பொய் நுழைகிறது. ‘கொங்குக்காரர்கள் மரியாதையாகப் பேசுகிறவர்கள்’ என்பது ஊரறிந்த பாராட்டு. ஆனால் அந்த மரியாதை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஓடுவதில்லை. பாவாத்தாளின் தோட்டத்தில் வேலை செய்யும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த முதியவர் அவளைப் ‘பண்ணாடிச்சி’ என்று விளித்து ‘ங்க’ போட்டுப் பேசிய காலம் உண்டு. அவள் தன்னைவிட மூத்த அவரைப் பெயர் சொல்லி, ‘வா, போ’ என்று கூப்பிட்டிருப்பாள். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ படித்தவர்களுக்கு இந்த உலகம் தெரியும். சங்கத்தில் நாம் இரக்கப்பட்ட அதே கிழவிதான் தோட்டத்தில் அதிகாரத்தோடு பேசுகிறாள். ‘ங்க’ எங்கே வருகிறது என்பதோடு எங்கே வராமல் போகிறது என்பதையும் எழுதினால்தான் அந்த ஊர் முழுதாகத் தெரியும். இனிமையான ‘ங்க’வை மட்டும் பொறுக்கி எழுதுவதும் ஒருவகைக் கேலிச்சித்திரமே.

எழுதி முடித்த உரையாடல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. உச்சரிப்பைக் காட்டுவதற்காகத் திரித்த எழுத்துகளை எல்லாம் பொதுப் பேச்சு எழுத்துக்கு மாற்றிவிட்டுப் படித்துப் பாருங்கள். ‘பையெ’ பையனாகட்டும், ‘கம்பினிக்கி’ கம்பெனிக்கு ஆகட்டும். அதற்குப் பிறகும் பேசுகிறவர் எந்த ஊர் என்று தெரிந்தால் வழக்கு வாக்கியத்துக்குள் இருக்கிறது. தெரியவில்லை என்றால் அதுவரை ஊரைச் சுமந்துகொண்டிருந்தது எழுத்துப்பிழை மட்டுமே. பிறகு அந்தப் பக்கத்துக்காரர் ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். அவர் எந்த இடத்தில் நாக்கு இடறி நிற்கிறார், சிரிக்க வேண்டாத எந்த இடத்தில் சிரிக்கிறார் என்று குறித்துக்கொண்டால் திருத்த வேண்டிய வரிகள் கிடைத்துவிடும். அவர் ஈரோட்டுக்காரராக இருந்து கதை கரூர்ப் பக்கம் நடந்தால், இன்னொருவரையும் கேட்பது நல்லது. கொங்கு என்பது ஒரே குரல் கிடையாது.

இத்தனைக்கும் பிறகு எழுத்தில் பிடிபடாத ஒன்று மிஞ்சும், அது அந்தப் பேச்சின் இழுவை. அதை எட்டிப்பிடிக்கத்தான் ‘ங்க’வை ‘ங்கோ’வாக நீட்டுகிறார்கள். நெடில் போட்டு அந்த ராகத்தை வரவழைக்க முடியாது. கொங்கு நாட்டுக்காரர் அந்த எழுத்து இல்லாமலே அதைக் கேட்டுவிடுவார். மற்றவருக்கு அந்த நெடில் கோமாளித்தனத்தைத்தான் கொண்டுவரும். அதை விட்டுவிட்டு, பாவாத்தாள் எதை முதலில் சொல்கிறாள், எதைக் கேட்காதவள்போல் விடுகிறாள், எந்த இடத்தில் வெறும் ‘சரிங்க’ என்று நிறுத்திக்கொள்கிறாள் என்பதில் உழைப்பைப் போட்டால் வாசகர் அவள் குரலைத் தானே கேட்டுக்கொள்வார்.