செவ்வகத்தில் சரிபாதி

தொகை நுண்கணிதத்தில் பலருக்கும் பிடித்தமான ஒரு கணக்கு இது:

∫₀¹ log(1+x)/(1+x²) dx

மேலே ஒரு மடக்கை, கீழே ஒரு இருபடிக் கோவை, எல்லைகள் 0, 1. இங்கே log என்பது e-ஐ அடிமானமாகக் கொண்ட இயல் மடக்கை. விடை (π/8) log 2, அதாவது ஏறத்தாழ 0.2722. ஜோசஃப் ஆல்ஃபிரெட் செரே என்ற பிரெஞ்சுக் கணிதர் 1844-ல் இதைப் பற்றி எழுதினார். வளைவரைகளைப் பற்றிய ஃபிரெனே–செரே சூத்திரங்களில் வரும் அதே செரே. இந்தத் தொகைக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கான பட்னம் கணிதப் போட்டியில் 2005-ல் இதே கணக்கு அப்படியே கேட்கப்பட்டது. நம் பிளஸ் டூ மாணவர்கள் இதை வேறு உருவில் பார்த்திருப்பார்கள்; அது எந்த உருவம் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

விடையை நிறுவுவதற்கு முன், அது எவ்வளவு இருக்கும் என்று ஒரு மதிப்பீடு போட்டுக்கொள்வது நல்லது. வரையறுத்த தொகை என்றால் வளைவரைக்குக் கீழே உள்ள பரப்பு. x = 0 என்னும்போது நம் சார்பின் உயரம் 0. நடுவில், x = 0.5 என்னும்போது log 1.5-ஐ 1.25-ஆல் வகுக்க வேண்டும், 0.3244 வரும். x = 1 என்னும்போது log 2-ல் பாதி, 0.3466. இந்த மூன்று உயரங்களையும் சிம்சன் விதியில் போட்டால், நடு உயரத்தை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க 0.2740 கிடைக்கிறது. இடையில் 0.25, 0.75 என்ற இரண்டு புள்ளிகளையும் சேர்த்துக்கொண்டால் 0.2723. ஆக, 0.27-ஐ ஒட்டிய ஒரு பரப்பைத்தான் தேடுகிறோம். இந்த எண் பின்னால் உதவும்.

முதலில் யாருக்கும் தோன்றும் வழி, தொகையிட்டு ஒரு சூத்திரம் கண்டுபிடித்து, அதில் 1-ஐயும் 0-ஐயும் போட்டுக் கழிப்பது. இங்கே அது நடக்காது. இந்தச் சார்பின் எல்லையில்லாத் தொகையை மடக்கை, அடுக்கு, முக்கோணவியல் சார்புகள் போன்ற பழகிய சார்புகளைக் கொண்டு எழுதவே முடியாது. பகுதித் தொகையிடலை முயன்றால் ∫₀¹ tan⁻¹x/(1+x) dx என்ற இன்னொரு தொகை எதிரே வந்து நிற்கும். அது பழையதைவிடச் சுலபமும் இல்லை. (கடைசியில் பார்த்தால் அதன் மதிப்பும் இதே (π/8) log 2-தான். ஆனால் அது நம் விடை தெரிந்த பிறகுதான் தெரியும்.) ஆகவே, சூத்திரம் இல்லாத ஒரு சார்புக்கு, குறிப்பிட்ட இரண்டு எல்லைகளுக்கு இடையே மட்டும், பரப்பைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

கீழே 1+x² நிற்பதைப் பார்த்ததும் கணக்குப் போட்டுப் பழகியவர்களின் கை தானாக x = tan θ என்று எழுதும். காரணம் எளிது. 1 + tan²θ என்பது sec²θ. x-ன் வகைக்கெழுவும் sec²θ-தான்; dx = sec²θ dθ. கீழே உள்ளதும் மேலே வந்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எல்லைகளும் மாறுகின்றன: x = 0 என்றால் θ = 0; x = 1 என்றால் tan θ = 1, அதாவது 45 டிகிரி, ரேடியனில் π/4. மிச்சம் இருப்பது இது:

I = ∫₀^(π/4) log(1 + tan θ) dθ

பிளஸ் டூ மாணவர்களுக்குப் பழக்கமான உருவம் இதுதான். ஆனால் கவனியுங்கள், கணக்கு இன்னும் முடியவில்லை. பிரதியிடல் வகுத்தியைத் துடைத்ததே தவிர, log(1 + tan θ)-க்கும் பழகிய சார்புகளில் தொகை கிடையாது. ‘டேன் பிரதியிடலால் தீரும் கணக்கு’ என்று இதைச் சொல்வது பாதி உண்மைதான். பிரதியிடல் செய்தது வேறொரு வேலை. கணக்கில் ஒளிந்திருந்த ஒரு சமச்சீரை வெளியே கொண்டுவந்து வைத்தது.

அந்தச் சமச்சீரை எண்களிலேயே பார்க்கலாம். 15 டிகிரியை எடுங்கள். tan 15° = 0.26795, அதோடு ஒன்றைக் கூட்டி மடக்கை எடுத்தால் 0.2374. அடுத்து 30 டிகிரி. tan 30° = 0.57735, அதே வேலையைச் செய்தால் 0.4557. இரண்டையும் கூட்டுங்கள்: 0.6931. அது log 2. ஓரங்களைப் பார்த்தால் 0 டிகிரியில் உயரம் 0, 45 டிகிரியில் log 2. கூட்டினால் மறுபடியும் log 2. நடுவில் 22.5 டிகிரியில் டேன் மதிப்பு √2 − 1, ஒன்றைக் கூட்டினால் √2, அதன் மடக்கை log 2-ல் சரிபாதி. 45 டிகிரி கூட்டுத்தொகை வரும் எந்த இரண்டு கோணத்தை எடுத்தாலும் இப்படித்தான்.

ஏன் என்பதற்கு, கோணங்களின் வித்தியாசத்துக்கான டேன் சூத்திரம் ஒன்றே போதும். tan 45° = 1 என்பதால்,

tan(π/4 − θ) = (1 − tan θ)/(1 + tan θ)

இதோடு ஒன்றைக் கூட்டினால் மேலே உள்ள tan θ-கள் நீங்கி 2/(1 + tan θ) ஆகிறது. மடக்கை எடுத்தால் log 2 − log(1 + tan θ). ஆக, θ-வில் உள்ள உயரமும் π/4 − θ-வில் உள்ள உயரமும் சேர்ந்து எப்போதும் log 2.

இனி எழுத்தில் இரண்டு வரிதான். 0 முதல் π/4 வரை உள்ள பரப்பை இடமிருந்து வலமாக எண்ணினாலும் வலமிருந்து இடமாக எண்ணினாலும் அதே பரப்புதான் என்பதால், θ-வுக்குப் பதில் π/4 − θ-வைப் போட்டாலும் I மாறாது. அப்படிப் போட்டால்,

I = (π/4) log 2 − I

2I = (π/4) log 2; I = (π/8) log 2.

படமாக நினைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. அகலம் π/4, உயரம் log 2 உள்ள ஒரு செவ்வகத்தை வரையுங்கள். அதன் இடது கீழ் மூலையில் தொடங்கி வலது மேல் மூலையில் முடிகிறது நம் வளைவரை. அது நேர்கோடு இல்லை, லேசாக நெளிகிறது. ஆனால் படத்தைச் செவ்வகத்தின் மையத்தைச் சுற்றி 180 டிகிரி திருப்பினால் வளைவரை தன்மேலேயே வந்து படியும். அதனால் அது செவ்வகத்தைச் சரிசமமாக இரண்டாக வெட்டுகிறது. π எங்கிருந்து வந்தது, log 2 எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: ஒன்று அகலம், மற்றது உயரம்.

சமச்சீர் முதலிலேயே x-ல் இருந்ததா என்றால், இருந்தது. கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். x-க்கு ஜோடி (1 − x)/(1 + x). உதாரணமாக 1/4-க்கு ஜோடி 3/5, 1.25-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 2. ஆனால் x-அச்சில் இந்த ஜோடிகள் சம தூரத்தில் உட்காரவில்லை. 0-வுக்கும் 1-க்கும் நடுப்புள்ளி 0.5 என்றாலும், தனக்குத்தானே ஜோடியாகும் எண் 0.414. கீழே நிற்கும் 1+x² இந்தக் கோணலை ஈடுகட்டுவதற்காகவே வந்ததுபோல இருக்கிறது. கோணத்துக்கு மாறியதும் ஜோடிகள் நடுப்புள்ளிக்கு இருபுறமும் ஒரே தூரத்தில் வந்து நிற்கின்றன.

விடைத்தாளில் இந்தக் கணக்கு எங்கே கெடும் என்று பார்த்தால், பெரும்பாலும் கடினமான இடத்தில் கெடுவதில்லை. x-ஐ θ-வாக மாற்றிவிட்டு, மேல் எல்லையை 1 என்றே விட்டுவிடுவது ஒரு வழக்கம். அப்போது 45 டிகிரியைத் தாண்டி 57 டிகிரிவரை தொகையிட்டதாகிவிடும். பரப்பு சுமார் 0.446 ஆகும். இன்னொன்று, π/4 என்று எழுத வேண்டிய இடத்தில் 45 என்றே எழுதுவது. விடை 15.6 என்று வரும். ஓர் அலகு அகலமும் 0.7-க்கும் குறைவான உயரமும் உள்ள இடத்துக்குள் அவ்வளவு பரப்பு அடங்கவே அடங்காது. கால்குலேட்டரில் சரிபார்ப்பவர்கள் ln பொத்தானுக்குப் பதில் log பொத்தானை அழுத்தினால் 10 அடிமான மடக்கை வந்து, விடை 0.118 ஆகிவிடும். தொடக்கத்தில் மூன்று உயரங்களை வைத்துப் போட்ட 0.27 கையில் இருந்தால் இந்த மூன்று பிழைகளும் உடனே தெரிந்துவிடும்.

இந்த உத்தி எவ்வளவு தூரம் செல்லும்? மேல் எல்லையை 1 என்பதிலிருந்து √3-க்கு மாற்றி, மற்றதை அப்படியே விட்டால் ஜோடி சேராது. ஆனால் மடக்கைக்குள் x-ன் கெழுவையும் √3 ஆக்கினால் சேரும். பொதுவாக,

∫₀ᵃ log(1+ax)/(1+x²) dx = ½ tan⁻¹a · log(1+a²)

நிறுவும் முறை அதேதான்: a-வின் கோணத்திலிருந்து θ-வைக் கழித்தால், இம்முறை இரண்டு உயரங்களின் கூட்டுத்தொகை log(1+a²). a = √3 என்று போட்டால் கோணம் 60 டிகிரி, 1+a² நான்கு; விடை (π/3) log 2.

மேல் எல்லையை முடிவிலிக்குக் கொண்டுபோனால் கதை மாறுகிறது. கோணம் 90 டிகிரிவரை நீள்கிறது. θ-வுக்குப் பதில் 90° − θ போட்டால் 1 + tan θ-வின் ஜோடியில் tan θ என்ற வகுத்தி ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது, உயரங்களின் கூட்டுத்தொகை மாறிலியாக நிற்பதில்லை. விடை (π/4) log 2 + G, ஏறத்தாழ 1.4604. இதில் G என்பது கேட்டலான் மாறிலி: 1 − 1/9 + 1/25 − 1/49 + … என்று ஒற்றைப்படை எண்களின் வர்க்கங்களின் தலைகீழிகளை மாற்றி மாற்றிக் கழித்தும் கூட்டியும் கிடைக்கும் 0.915966. பார்ப்பதற்கு எளிமையான இந்த எண் விகிதமுறு எண்ணா, விகிதமுறா எண்ணா என்பதை இதுவரை யாரும் நிறுவவில்லை.