ஒரே வளைகோட்டில் இரண்டு அரை ஆயுள்

ஒரு வெள்ளித் தகட்டை நியூட்ரான் மூலத்தின் அருகே, பாரஃபின் மெழுகுக்கு நடுவில் 2 நிமிடம் வைத்து எடுத்து, கைகர் கருவியின் அடியில் நுழைத்தால் கருவி படபடவென்று எண்ணத் தொடங்கும். எண்ணிக்கை விரைவாகக் குறையும். அது பாதியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் அரை ஆயுள் தெரிந்துவிடும் என்றுதான் நினைப்போம்.

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 10 வினாடிக்கு 1000 எண்ணிக்கை. அது 500 ஆக ஏறக்குறைய 32 வினாடி ஆகிறது. 500 பாதியாகி 250க்கு வர 39 வினாடி. அடுத்த பாதிக்கு 60 வினாடி. ஒரே பொருள் சிதைந்தால் இந்த மூன்றும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பாதியாகும் நேரம் நீண்டுகொண்டே போனால், தகட்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் சிதைகிறது என்று பொருள்.

காரணம் எளியது. இயற்கை வெள்ளி இரண்டு ஐசோடோப்புகளின் கலவை: ஏறத்தாழ பாதி வெள்ளி-107, மீதி வெள்ளி-109. ஒவ்வொன்றும் ஒரு நியூட்ரானை விழுங்கி, முறையே வெள்ளி-108, வெள்ளி-110 ஆகிறது. முன்னதன் அரை ஆயுள் சுமார் 142 வினாடி, பின்னதன் அரை ஆயுள் சுமார் 24.6 வினாடி. 1934இல் ரோம் நகரில் ஃபெர்மியின் குழு, மெதுவான நியூட்ரான்களே அதிக வேலை செய்கின்றன என்று கண்டுபிடித்ததும் வெள்ளியை வைத்துத்தான். பாரஃபின் மெழுகு இன்றும் அந்த வேகத்தடை வேலையைத்தான் செய்கிறது.

இரண்டையும் வேதியியல் முறையில் பிரிக்க வழியில்லை, இரண்டுமே வெள்ளி. வரைபடத்தில்தான் பிரிக்க வேண்டும். முதலில், தகடு இல்லாதபோதும் கருவி எண்ணும் பின்னணிக் கதிர்வீச்சைக் கழிக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது 10 வினாடிக்கு 4. மீதியை மடக்கை அளவுத் தாளில் குறித்தால், தனிப்பொருளின் சிதைவு நேர்கோடாக விழும். கலவையோ முதலில் செங்குத்தாக இறங்கி, வளைந்து, பிறகு சாய்வான நேர்கோடாகும்.

அந்த வால் பகுதிதான் பிடி. 240 வினாடிக்குள் வெள்ளி-110 ஏறக்குறைய பத்து அரை ஆயுள்களைக் கடந்துவிடுகிறது. தொடக்கத்தில் 800 ஆக இருந்தது 1க்கும் கீழே போய்விடும். எஞ்சுவது வெள்ளி-108 மட்டும். 240ஆவது வினாடியில் 62, 382ஆவது வினாடியில் 31. அந்தப் புள்ளிகள் வழியே கோடு போட்டால் 142 வினாடி கிடைக்கிறது. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் சுழி நேரத்தில் 200ஐத் தொடும். இப்போது உரிக்கும் வேலை. 25ஆவது வினாடியில் மொத்தம் 572, கோடு சொல்வது 177, வித்தியாசம் 395. 50இல் 352லிருந்து 157 போக 195. 75இல் 235லிருந்து 139 போக 96. 395, 195, 96 என்று ஒவ்வொரு 25 வினாடிக்கும் பாதிக்குச் சற்றுக் கீழே இறங்குகிறது. அந்த எண்கள் புதிய நேர்கோடாகி 24.6 வினாடியைத் தருகின்றன.

உண்மையான அளவீட்டில் இவ்வளவு அழகாக வராது. எண்ணிக்கையின் இருபடி மூலம் அளவுக்கு அது தானாகவே ஏறி இறங்கும். 75ஆவது வினாடியில் வித்தியாசம் 96 என்றால், அதில் 16 வரை பிழை இருக்கலாம். 150ஆவது வினாடியில் வித்தியாசம் 12, பிழையும் ஏறக்குறைய அதேதான். ஆகவே குறுகிய அரை ஆயுளுக்கு முதல் 90 வினாடிப் புள்ளிகளை மட்டும் நம்புவது நல்லது.

வாலில் நடக்கும் தவறு இரண்டு அரை ஆயுள்களையும் கெடுக்கும். பின்னணியைக் கழிக்க மறந்தால், 142 என்பது 150ஐத் தாண்டிவிடும். பொறுமையின்றி 100ஆவது வினாடியிலேயே வால் தொடங்கிவிட்டதாக எடுத்துக்கொண்டால், அங்கே இன்னும் கால்பங்குக்கு மேல் வெள்ளி-110 இருக்கிறது. கோடு செங்குத்தாகி, நீண்ட அரை ஆயுள் குறைந்து வரும். கழிப்பதும் அதிகமாகி, குறுகியதும் மேலும் குறையும். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு: வாலின் தொடக்கத்தை 160, 200, 240 வினாடி என்று தள்ளித் தள்ளிக் கோடு போட்டுப் பாருங்கள். விடை எங்கே மாறாமல் நிற்கிறதோ, அதுதான் உண்மையான வால்.

இப்போது கணினியில் இரண்டு சிதைவுகளையும் பின்னணியையும் சேர்த்து ஒரே சமன்பாடாகப் பொருத்திவிடுகிறார்கள்:

N(t) = A·e^(−λ₁t) + B·e^(−λ₂t) + C

பிழை அதிகமுள்ள புள்ளிக்குக் குறைந்த மதிப்புக் கொடுப்பதால் இதுவே மேலான முறை. ஆனாலும் தொடக்க மதிப்புகளை ஏறத்தாழவாவது சரியாகக் கொடுக்காவிட்டால் நிரல் எங்காவது தடுமாறி நிற்கும். அந்த மதிப்புகளை உரிக்கும் முறையிலிருந்தே எடுப்பது வசதி. இரண்டு அரை ஆயுள்களும் நெருக்கமாக, ஒன்று மற்றதைப்போல் ஒன்றரை மடங்குதான் என்று இருந்தால், கையாலும் முடியாது, கணினியாலும் எளிதில் முடியாது. அது ஒரு விடையைக் கொடுக்கத்தான் செய்யும். பிழை எல்லையைப் பார்த்தால்தான் அதன் லட்சணம் தெரியும்.

எனக்குப் பிடித்த சோதனை வேறொன்று. அதே தகட்டை 10 நிமிடம் நியூட்ரானில் வைத்துத் திரும்பச் செய்யலாம். வெள்ளி-110 இரண்டு நிமிடத்திலேயே ஏறக்குறைய உச்சத்தை எட்டிவிட்டது, அதனால் அது பெரிதாக மாறாது. வெள்ளி-108 இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகும். அதாவது சுழி நேரத்தில் கோடு தொடும் இடம் 200லிருந்து ஏறக்குறைய 427க்கு ஏறும். இரண்டு சாய்வுகளும் மட்டும் முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும். அவையும் சேர்ந்து மாறினால், வாலைத் திரும்பப் பார்க்க வேண்டியதுதான்.