அணியில் இடம் கேட்காமல் நெட்ஸுக்கு வரலாமா என்று கேளுங்கள்

பிரிட்டனில் முதுகலை படிக்கப் போன மாணவர் ஒருவர் பல்கலைக்கழக கிரிக்கெட் கிளப்புக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "மரியாதைக்குரிய ஐயா, எனக்கு கிரிக்கெட்டில் தீராத ஆர்வம். ஆட்டத்துக்குப் புதியவன். அணியில் ஒரு வாய்ப்புக் கொடுங்கள்." பணிவான கடிதம்தான். ஆனால் இதை வைத்துக்கொண்டு கேப்டன் எந்த முடிவுக்கும் வர முடியாது. அந்த 'ஐயா'வும் பெரும்பாலும் இருபது வயது மாணவர்தான். அங்கே பெயர் சொல்லி எழுதுவதே வழக்கம்.

'புதியவன்' என்பதில்தான் சிக்கல். பேட்டையே தொடாதவரும் அப்படித்தான் சொல்வார், ஊர் மைதானத்தில் டென்னிஸ் பந்தில் வருஷக்கணக்கில் ஆடியவரும் அப்படித்தான் சொல்வார். கிளப் ஆடுவது தோல் பந்தில், நம் பையன்கள் சொல்லும் ஸ்டிச் பாலில். டென்னிஸ் பந்து 60 கிராமுக்குள் இருக்கும், இதுவோ 160 கிராம் அளவுக்கு வரும். டென்னிஸ் பந்து எழும்பி வரும் என்று பழகியவர், காலை நகர்த்தாமல் குறுக்கே வீசி அடிப்பார். ஸ்டிச் பால் அந்த அளவுக்கு எழும்பாமல், தரையை ஒட்டிச் சறுக்கி வந்து ஸ்டம்பைப் பெயர்த்துவிடும். கேட்ச்சை விறைத்த கையால் வாங்கினால் விரல் வீங்கும். இவரை எந்த வலையில், யார் பந்துவீச்சுக்கு முன்னால் நிறுத்துவது என்பதுதான் கேப்டனின் கவலை.

அதே மாணவர் இப்படி எழுதினால் கதை வேறு: "செப்டம்பரில் முதுகலையில் சேர்ந்திருக்கிறேன். ஊரில் டென்னிஸ் பந்தில் ஆடியிருக்கிறேன், மிதவேகத்தில் பந்து வீசுவேன். தோல் பந்தில் ஆடியதில்லை. ஹெல்மெட், பேடு எதுவும் என்னிடம் இல்லை. கிளப்பில் இரவல் கிடைக்குமா? குளிர்கால நெட்ஸில் ஒரு முறை வந்து பார்க்கலாமா? புதன்கிழமை மாலைகளில் எனக்கு வகுப்பு இல்லை." ஐந்தாறு வரிதான். கேப்டன் உடனே பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இதில் இருக்கின்றன.

எழுதும் மாதமும் முக்கியம். அங்கே வெளி மைதான ஆட்டம் ஏப்ரலில்தான் சூடுபிடிக்கும். ஆனால் ஆள் சேர்ப்பது இலையுதிர் காலத்தில், கல்வியாண்டு தொடங்கும்போது. குளிர்காலம் முழுக்க உள்ளரங்கில் வலைப்பயிற்சி நடக்கும். வெயில் வந்த பிறகு எழுதுகிறவருக்கு, அணிகள் முடிவாகிவிட்டன என்ற பதில்தான் கிடைக்கும். ஒரு வருடப் படிப்புக்குப் போனவருக்கு அடுத்த சீசனும் கிடையாது.

ஒரு வாரமாகியும் பதில் இல்லையென்றால், அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிர்வாகிகளும் மாணவர்களே, ஆண்டுதோறும் மாறுகிறவர்கள். அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்க்காமலே விட்டிருக்கலாம். இன்னொரு முறை சுருக்கமாக எழுதலாம், அல்லது புதிய மாணவர்களுக்கான சங்கக் கண்காட்சியில் கிளப்பின் மேசைக்கே போய்க் கேட்கலாம். முதல் அணிக்குத் தேர்வு நடத்தும் கிளப்பிலும், போட்டிக்குப் போகாமல் பயிற்சிக்கு மட்டும் வருகிறவர்களுக்குத் தனி உறுப்பினர் கட்டணம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இருந்தால், புதியவருக்கு அதுதான் சரியான வாசல்.