லாபத்தைப் பார்த்து விளம்பரச் செலவு

கூகுளில் தேடும்போது படமும் விலையுமாக வரும் ஷாப்பிங் விளம்பரங்கள், கடைக்காரர் மெர்ச்சன்ட் சென்டரில் ஏற்றியிருக்கும் பொருள் பட்டியலிலிருந்து வருகின்றன. இந்தப் பட்டியலுக்கு ஃபீட் என்று பெயர். அதில் `custom_label_0` முதல் `custom_label_4` வரை ஐந்து கட்டங்களைக் கடைக்காரர் தன் வசதிக்கேற்ப நிரப்பிக்கொள்ளலாம். வாங்குபவர் கண்ணில் இவை படுவதில்லை. விளம்பரக் கணக்கில் பொருள்களைப் பிரித்து வைக்க மட்டுமே பயன்படும்.

இவற்றில் ஒன்றில் லாப விகிதத்தைக் குறித்துவைப்பதன் அருமை, ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு பாத்திரக் கடையில் மிக்ஸியும் வார்ப்பிரும்புப் பாத்திரத் தொகுப்பும் தலா 2,000 ரூபாய். மிக்ஸியில் நிற்பது 10 சதவீதம், அதாவது 200 ரூபாய். வார்ப்பிரும்பில் 40 சதவீதம், 800 ரூபாய். கடைக்காரர் இரண்டுக்கும் சேர்த்து `Target ROAS` 500% என்று வைக்கிறார். விளம்பரத்துக்கு 100 ரூபாய் போனால் 500 ரூபாய்க்கு விற்பனை வரவேண்டும் என்பது பொருள். அந்தக் கணக்கில் ஒரு விற்பனைக்கு 400 ரூபாய் விளம்பரத்துக்குப் போகும். வார்ப்பிரும்பில் 400 மிஞ்சும். மிக்ஸி ஒவ்வொன்றிலும் 200 கைநட்டம். அறிக்கையிலோ இரண்டும் ஒரே மாதிரி நன்றாக ஓடுவதாகத் தெரியும். கூகுளுக்குப் போய்ச் சேர்வது விற்பனைத் தொகை மட்டும்தானே!

லாபமும் நட்டமும் இல்லாத எல்லை, 100-ஐ லாப சதவீதத்தால் வகுத்தால் கிடைக்கும் மடங்கு. வார்ப்பிரும்புக்கு இரண்டரை மடங்கு, மிக்ஸிக்குப் பத்து மடங்கு. லாபத்தில் பாதியை விளம்பரத்துக்கு ஒதுக்கினால் இலக்குகள் 500%, 2000% ஆகும். மிக்ஸிக்கு ஏலத் தொகை தானாகவே இறங்கிவிடும். ஃபீடில் எழுத வேண்டியது இவ்வளவே:

```
id	custom_label_0
VI-12	margin_high
MX-07	margin_low
```

பிறகு ஒவ்வொரு லேபிளுக்கும் தனிப் பிரசாரம் அமைத்து, தனி இலக்கு வைக்க வேண்டும். ஒரு பொருள் இரண்டு பிரசாரங்களிலும் இருந்தால் பிரித்ததே வீண். பத்துப் பிரிவாக நறுக்குவதும் தவறு. பிரிவுக்கு நாலைந்து விற்பனைதான் என்றால் தானியங்கி ஏலத்துக்குக் கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது. சிறு கடைக்கு இரண்டு அல்லது மூன்று போதும்.

லாபத்தைக் கணக்கிடும்போது கொள்முதல் விலையோடு கூரியர், பேக்கிங், திரும்பி வரும் சரக்கு ஆகியவற்றின் செலவையும் கழிக்க வேண்டும். விற்பனைத் தொகை ஜிஎஸ்டியுடன் பதிவானால், சதவீதத்தையும் அந்தத் தொகைக்கே கணக்கிட வேண்டும். தள்ளுபடி அறிவித்த அன்றே லேபிளும் மாற வேண்டும். 2,000 ரூபாய் வார்ப்பிரும்பை 1,500-க்கு விற்றால் மிஞ்சுவது 300 ரூபாய், 20 சதவீதம்தான்.

லேபிளால் தீராத சிக்கல் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் வார்ப்பிரும்பு விளம்பரத்தைத் தட்டி உள்ளே வந்து மிக்ஸியை வாங்கிப் போகலாம். அந்த விற்பனை, தட்டிய பொருளின் கணக்கிலேயே ஏறும். பில்லில் உள்ள பொருள் விவரத்தையும் கொள்முதல் விலையையும் கூகுளுக்கு அனுப்பும் கடைகளால் மட்டுமே உண்மையில் எது விற்றது, எவ்வளவு நின்றது என்பதை அறிக்கையில் பார்க்க முடியும்.