காரின் பின்னால் ஓர் E

ஆம்ஸ்டர்டாம் தெருக்களில் நிற்கும் கார்களின் நம்பர் பிளேட் மஞ்சள் நிறத்தில் இருக்கும். நடுவே வெள்ளைப் பிளேட்டோடு ஒரு கார் நின்றால், பெரும்பாலும் அது எல்லை தாண்டி வந்த வண்டி. அதில் E AB 123E என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். E என்பது ஸ்பெயினுக்கான குறி என்று கேள்விப்பட்டவர்கள் உடனே ஸ்பெயின் கார் என்று முடிவுகட்டிவிடுவார்கள். அது தவறு.

நாட்டுக்குறிக்கென்று தனி இடம் உண்டு. முன்பெல்லாம் எல்லை தாண்டும் வண்டியின் பின்புறம் வெள்ளை நிற நீள்வட்ட ஸ்டிக்கரில் கறுப்பு எழுத்தாக அது இருக்கும். குறைந்தது பதினேழரை சென்டிமீட்டர் அகலம், பதினொன்றரை சென்டிமீட்டர் உயரம் என்று அளவுகூட 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் வகுத்திருக்கிறார்கள். இன்று ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பிளேட்டின் இடது ஓரத்து நீலப் பட்டையே அந்த வேலையைச் செய்கிறது. பன்னிரண்டு நட்சத்திரங்கள், அவற்றின் கீழே குறி. நம் காரின் பட்டையில் இருப்பது D, அதாவது ஜெர்மனி. சுவிட்சர்லாந்தின் பிளேட்டில் நீலப் பட்டை கிடையாது; அதனால்தான் CH என்ற நீள்வட்டத்தை இன்றும் நிறையப் பார்க்கிறோம். இலங்கைக்கான குறி, சிலோன் என்ற பழைய பெயரின் மிச்சமாக, CL என்றே நீடிக்கிறது.

பட்டையைத் தாண்டி வரும் முதல் E, வண்டி பதிவான ஊர்: எஸ்ஸன். ஜெர்மனியில் ஊர்க்குறி ஓரெழுத்து முதல் மூன்றெழுத்து வரை வரும். மியூனிக்குக்கு M, ஹாம்பர்க்குக்கு HH. அதற்கும் அடுத்த எழுத்துகளுக்கும் இடையில், பின்புறப் பிளேட்டில் இரண்டு வட்டங்கள் இருக்கும். கீழே இருப்பது மாநில முத்திரை. மேலே உள்ள வண்ண ஸ்டிக்கர், அடுத்த தகுதிச் சோதனைக்கான கெடு: நடுவில் ஆண்டு, உச்சியில் நேராக நிற்கும் எண்ணே மாதம். கடைசியில் வரும் E, இது மின்சாரக் கார் என்பதைச் சொல்கிறது. அந்த இடத்தில் H இருந்தால் முப்பது வயதைக் கடந்த பாரம்பரிய வண்டி. அதே H பிளேட்டின் தொடக்கத்தில் வந்தால் ஹனோவர். நீலப் பட்டையில் வந்தால் ஹங்கேரி.

உண்மையான ஸ்பெயின் காரில் E பட்டைக்குள்தான் இருக்கும். அதன் பிறகு நான்கு இலக்கம், மூன்று மெய்யெழுத்து: 1234 BCD போல. 2000ஆம் ஆண்டு முதல் அங்கே ஊர்க்குறியே இல்லை.

சரி, நம் காரின் உரிமையாளர் எஸ்ஸன்காரர்தானா? அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. 2015 முதல் ஜெர்மனிக்குள் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தாலும் பழைய பிளேட்டை வைத்துக்கொள்ளலாம். வாடகைக் கார் நிறுவனங்களும் ஏராளமான வண்டிகளை ஒரே ஊரில் பதிவுசெய்கின்றன. பெர்லினில் வாடகைக்கு எடுத்த காரில் HH இருப்பது சாதாரணம். பிரான்ஸில் 2009க்குப் பின் வந்த பிளேட்டின் வலது ஓரத்தில் இருக்கும் மாவட்ட எண்ணும் உரிமையாளர் தன் விருப்பப்படி தேர்ந்தெடுப்பதுதான்.