கழுகின் இறகில் எத்தனை குளோரின்?

1960களின் நடுவில் சுவீடனின் ஸ்டாக்ஹோமில் சோரன் யென்சன் என்ற வேதியியலாளர், மீன்களிலும் பறவைகளிலும் டி.டி.டி. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். மாதிரியில் உள்ள பொருட்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்து அனுப்பும் வாயு குரோமடோகிராஃப் கருவியில் டி.டி.டி.க்கு உரிய மேடுகள் வந்தன. கூடவே, அடையாளம் தெரியாத வேறு சில மேடுகளும் திரும்பத் திரும்ப எழுந்தன. அவையும் ஏதோ பூச்சிக்கொல்லியாக இருக்கலாம் என்று விட்டுவிட முடியவில்லை. 1944ஆம் ஆண்டின் கழுகு இறகுகளிலும் அவை இருந்தன. சுவீடனில் அத்தகைய பூச்சிக்கொல்லிகள் புழக்கத்துக்கு வராத காலம் அது.

அந்தப் பொருட்களை எடைபோட்டுப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. மூலக்கூறுகளை மின்னேற்றி நிறைவாரியாகப் பிரிக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் துணையோடு, அவை பாலிகுளோரினேட்டட் பைஃபினைல்கள், சுருக்கமாக பி.சி.பி., என்று 1966இல் யென்சன் அறிவித்தார். மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் நிரப்பப்பட்ட எண்ணெய்ப் பொருள் அது. பெயர் தெரியாத ஒரு மூலக்கூறுக்குள் குளோரின் இருக்கிறது, இத்தனை இருக்கிறது என்று ஒரு வரைபடத்தைப் பார்த்தே எண்ணிவிடலாம். அதற்குக் காரணம் குளோரின் அணுவின் ஒரு தனித்தன்மை.

இயற்கையில் குளோரின் இரு எடைகளில் கிடைக்கிறது. நூற்றில் ஏறத்தாழ 76 அணுக்களின் நிறை 35. மீதி 24 அணுக்களின் நிறை 37. பாடப்புத்தகத்தில் படிக்கும் 35.45 இவ்விரண்டின் சராசரிதான். அந்த எடையுள்ள குளோரின் அணு ஒன்றுகூடக் கிடையாது. பிரிட்டிஷ் விஞ்ஞானி ஃபிரான்சிஸ் ஆஸ்டன் 1920 வாக்கில் தம் கருவியில் இவ்விரு ஐசோடோப்புகளையும் பிரித்துக் காட்டினார். புரோமினுக்கும் அப்படியே 79, 81 என்று இரண்டு உண்டு. ஆனால் அவை கிட்டத்தட்ட சரிபாதி.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் சராசரி எடுப்பதில்லை. ஒவ்வொரு நிறைக்கும் தனிக் கோடு போடுகிறது. அந்த நிறையில் அயனிகள் எவ்வளவு அதிகமோ, கோடு அவ்வளவு உயரம். ஒரே ஒரு குளோரின் உள்ள மூலக்கூறுக்கு இரண்டு நிறை தள்ளி இரண்டு கோடுகள் விழும். உயரம் 100, 32. ஒரே ஒரு புரோமின் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம்.

குளோரின் இரண்டானால்? இரண்டுமே இலேசாக அமைய வாய்ப்பு நான்கில் மூன்றின் வர்க்கம். ஒன்று இலேசு, ஒன்று கனம் என்று அமைய இரண்டு வழிகள். இரண்டுமே கனமாக அமைவது அரிது. பெருக்கிப் பார்த்தால் 9:6:1 என்று மூன்று கோடுகள் வரும். குளோரின் ஒன்று கூடும்போதெல்லாம் ஒரு கோடு கூடுகிறது, உயரங்களும் மாறுகின்றன.

இனி அந்தக் குடும்பத்தில் ஐந்து குளோரின் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வாய்பாடு C12H5Cl5. எல்லாம் இலேசான அணுக்கள் என்றால் நிறை 324. ஆனால் படத்தில் மிக உயரமான கோடு 324இல் இல்லை, 326இல் இருக்கிறது. 324, 326, 328, 330 ஆகியவற்றில் உயரங்கள் முறையே 62, 100, 64, 20. ஐந்து குளோரினில் ஒன்றாவது கனமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பதால் உச்சம் வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. புதிதாகப் பழகுபவர்கள் உயரமான கோட்டையே மூலக்கூறின் நிறை என்று எடுத்துக்கொண்டு, வாய்பாட்டைத் தப்பாகக் கணக்கிடுவது இங்கேதான். கூட்டத்தின் இடது ஓரத்திலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும்.

இதைவிட ஆழமான பொறி ஒன்று இதே படத்தில் கீழே இருக்கிறது. எலக்ட்ரான்கள் தாக்கும்போது மூலக்கூறு உடையும். பி.சி.பி. இரண்டு குளோரினை உதிர்ப்பது வழக்கம். 324இலிருந்து 70 குறைந்து 254இல் ஒரு துண்டு தென்படும். அந்தக் கூட்டத்தின் முதல் இரண்டு கோடுகளின் உயரம் 100, 96. புரோமினுக்கு 100, 97. கண்ணால் பார்த்து இவ்விரண்டையும் வேறுபடுத்த யாராலும் முடியாது. மூன்றாவது கோட்டைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஒற்றைப் புரோமின் என்றால் 258இல் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது; இங்கோ 31 உயரத்துக்கு ஒரு கோடு நிற்கிறது. ஆக, இது மூன்று குளோரின். நான்கு குளோரினுக்கும், ஒரு புரோமினும் ஒரு குளோரினும் சேர்ந்ததற்கும் இடையிலும் இதே குழப்பம்தான்: முதல் இரண்டு கோடுகள் இரண்டிலும் சுமார் 77, 100. மூன்றாவது கோடு முன்னதில் 48, பின்னதில் 24. எண்ணிக்கையை முடிவுசெய்வது பெரும்பாலும் கூட்டத்தின் வலப்பக்கத்துச் சிறிய கோடுகள்தான்.

துண்டுகளை வைத்து முழு மூலக்கூறையும் எடைபோடுவதும் ஆபத்து. டி.டி.டி.யிலும் குளோரின் ஐந்துதான். ஆனால் உடையாத மூலக்கூறின் கோடுகள் 352இல் தொடங்கி மிக மங்கலாகவே தெரியும். ஓங்கி நிற்பது 235. மூன்று குளோரினைக் கொண்ட ஒரு பகுதி கழன்று போனபின் மிஞ்சிய துண்டு அது. அதன் உயரங்கள் 100, 64, 10. அதை மட்டும் பார்ப்பவர் குளோரின் இரண்டுதான் என்பார். அந்தத் துண்டைப் பொறுத்தவரை அது சரி. பொருளைப் பொறுத்தவரை மூன்று குறைவு.

புரோமின் பல சேர்ந்தால் படம் இன்னும் அகன்றுவிடும். 1973இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், தீத்தடுப்புக்காகத் தயாரித்த புரோமின் கலவை தவறுதலாக மாட்டுத் தீவனத்தில் கலந்துவிட்டது. அதில் முதன்மையானது ஆறு புரோமின் கொண்ட பைஃபினைல். 622இல் தொடங்கி 634 வரை ஏழு கோடுகள். நடுவில் 628 உச்சம், இருபுறமும் ஏறக்குறைய ஒரே அளவில் சரிவு. இந்தச் சமச்சீர் வடிவம் புரோமினுக்கே உரியது. குளோரின் கூட்டம் எப்போதும் ஒருபக்கம் சாய்ந்தே இருக்கும்.

கருவியே பொய் சொல்வதும் உண்டு. மாதிரி செறிவாக இருந்தால் உணரி திணறி, உயரமான கோட்டின் தலையை வெட்டிவிடும். 62, 100, 64 என்று வர வேண்டியவை ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்து, குளோரின் எண்ணிக்கையே மாறித் தெரியும். பக்கத்துக் கோடுகள் சந்தேகப்படும் அளவுக்குச் சமமாக இருந்தால் மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். மறுமுனையில், பொருள் மிகக் குறைவாக இருந்தால் அந்த முக்கியமான மூன்றாவது, நான்காவது கோடுகள் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். மேடு எழுந்து இறங்கும் அந்தச் சில நொடிகளில் கருவி ஒரு நிறையிலிருந்து அடுத்ததற்கு நகர்வதற்குள் பொருளின் அளவே மாறிவிடுவதால், ஒரே ஒரு படத்தை நம்பாமல் மேடு முழுவதிலும் எடுத்த படங்களின் சராசரியையே பார்ப்பது வழக்கம்.

ஃபுளூரினையும் அயோடினையும் இந்த முறையில் எண்ண முடியாது. இயற்கையில் இரண்டுக்கும் ஒரே ஓர் ஐசோடோப்தான், 19, 127. அவை எத்தனை இருந்தாலும் கூட்டத்தின் வடிவம் மாறாது. குளோரினிலும்கூட எண்ணிக்கை தெரியுமே தவிர, இடம் தெரியாது. பி.சி.பி. குடும்பத்தில் மொத்தம் 209 உறுப்பினர்கள். ஐந்து குளோரின் கொண்டவை மட்டும் 46. அந்த 46க்கும் 62, 100, 64, 20 என்ற அதே வடிவம்தான். எது எது என்று பிரித்துச் சொல்ல, வாயு குரோமடோகிராஃபில் அவை வெளியேறும் நேரத்தை, தெரிந்த பொருளின் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.