சித்தியின் ஆர்டர் நோட்டு

சோஷியல் மீடியா வேலையைத் தனியாக எடுத்துச் செய்யத் தொடங்குபவரிடம் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி யாருக்குச் செஞ்சிருக்கீங்க?" என்பதுதான். அப்போது காட்டுவதற்குத்தான் கேஸ் ஸ்டடி. ஒரு கணக்கு எந்த நிலையில் கைக்கு வந்தது, என்ன செய்தோம், என்ன மாறியது என்று சொல்லும் ஒன்றிரண்டு பக்கங்கள்.

வாடிக்கையாளரே இல்லாதவர், தெரிந்தவரின் சிறு தொழிலிலிருந்து தொடங்கலாம். வீட்டில் பலகாரம் செய்து விற்கும் சித்தி என்று வைத்துக்கொள்வோம். அவருடைய இன்ஸ்டாகிராம் சாதாரணக் கணக்காக இருந்தால், முதலில் புரொஃபஷனல் கணக்காக மாற்றுங்கள். மாற்றிய பிறகு போடும் பதிவுகளுக்குத்தான் இன்சைட்ஸ் கிடைக்கும். உடனே வேலையில் இறங்காமல், இரண்டு வாரம் அவர் வழக்கம்போலவே போடட்டும். அந்த எண்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 'முன்பு' என்ற பாதி இல்லாமல் 'பின்பு' என்பதற்குப் பொருளில்லை. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

லைக்கை விட ஆர்டர் முக்கியம். சித்தியின் நோட்டில் கடந்த நான்கு வாரத்தில் எத்தனை ஆர்டர் என்று எண்ணுங்கள். பிறகு அவருடைய பயோவில் இப்படி ஒரு வாட்ஸ்அப் லிங்க் வையுங்கள் (X உள்ள இடத்தில் அவர் எண்):

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Insta
```

அதைத் தொட்டு வருபவரின் செய்திப் பெட்டியில் "Insta" என்ற சொல் தயாராக இருக்கும். யார் எங்கிருந்து வந்தார் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். நேரடியாக அழைப்பவரிடம் சித்தியே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

முன்பு நான்கு வாரத்தில் 11 ஆர்டர், நீங்கள் வேலை செய்த நான்கு வாரத்தில் 19 என்று வையுங்கள். "73 சதவீத வளர்ச்சி" என்று எழுதக் கை துடிக்கும். எழுதாதீர்கள். இவ்வளவு சிறிய எண்ணில் சதவீதம் ஏமாற்றும். லிங்க் வழியாக வந்தவை 6 மட்டும். மற்ற 13 பழைய வாடிக்கையாளர்களுடையவை, அதிலும் நடுவில் தீபாவளி வந்தது. அப்படியே எழுதுங்கள். தீபாவளிக்குப் பலகாரம் தானாக விற்கும் என்பது கடைக்காரருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அதை மறைத்தால் மற்ற வரிகளையும் அவர் நம்பமாட்டார்.

ஒரு ரீலுக்கு 500 ரூபாய் விளம்பரம் கொடுத்திருந்தால் அந்தத் தொகையையும், அதனால் வந்த ரீச்சையும் தனியாகக் காட்டுங்கள். செய்முறை ரீல்களைப் பலர் சேவ் செய்தும் ஓர் ஆர்டர்கூட வரவில்லை என்றால் அதுவும் இடம்பெறட்டும். அடுத்து எதை மாற்றுவீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். கடைக்காரர் உங்கள் யோசனையை எடைபோடுவது அந்த வரியில்தான். சித்தி உங்கள் உறவினர், பணம் வாங்கவில்லை என்பதையும் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

எண்களை வெளியே காட்டச் சித்தியின் சம்மதத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் தெரியும் வாடிக்கையாளர் பெயரையும் எண்ணையும் மறைத்துவிடுங்கள். முதல் போஸ்ட் போடும் முன், இன்றைக்கே அந்த ஆர்டர் நோட்டைப் படம் எடுத்துவிடுங்கள்.